ஆண்டுதோறும் 5% கூட்டிக் கட்டினால் 25 ஆண்டில் எவ்வளவு சேரும்? மூன்று கால்குலேட்டரில் மூன்று விடை வருகிறது

மூன்றாம்பிறை:
ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு ஒன்றில் தெளிவு வேண்டும். முதல் ஆண்டு 1,00,000 கட்டுகிறோம். அடுத்தடுத்த ஆண்டுகளில் போன ஆண்டைவிட 5% கூட்டிக் கட்டுகிறோம். வட்டி ஆண்டுக்கு 8%, மொத்தம் 25 ஆண்டு. இதையே மூன்று இடங்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்று 1,15,40,401 என்றது, இன்னொன்று 1,21,17,421, மூன்றாவது 1,24,63,633. உள்ளே கொடுத்த எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. எதை நம்புவது?

கடிவாளம்:
மூன்றுமே அதிகமாகத் தெரிகிறது. வட்டி 8%, கட்டும் தொகை ஏறுவது 5%, ஆக நிகரம் 3%. 3% வட்டியில் ஆண்டுக்கு 1,00,000 வீதம் 25 ஆண்டு என்று போட்டால் 36,45,926 வரும். இவ்வளவு எளிதான கணக்குக்குக் கால்குலேட்டரே தேவையில்லை.

பேரேடு:
கடிவாளம், இந்த 36 லட்சம் எப்படி வருகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். அது முழுத் தவறு இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அது இல்லை. இப்போதைக்கு ஒன்றைப் பாருங்கள். தொகையை ஏற்றாமல் ஆண்டுக்கு 1,00,000 மட்டும் 8% வட்டியில் கட்டினாலே 25 ஆண்டில் 73,10,594 சேர்ந்துவிடும். ஏற்றிக் கட்டினால் அதற்குக் கீழே போக வழியே இல்லை.

மூன்றாம்பிறை, உங்கள் மூன்று விடைகளில் எதுவும் பிழை இல்லை. கால்குலேட்டர் ஒவ்வொன்றும் உங்களிடம் கேட்காமலே ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறது. என்ன முடிவு என்று கண்டுபிடிக்க ஒரு விடையை இன்னொன்றால் வகுத்தால் போதும்.

1,24,63,633ஐ 1,15,40,401ஆல் வகுத்தால் சரியாக 1.08 வரும். அதாவது ஒவ்வொரு தவணைக்கும் ஓர் ஆண்டு வட்டி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் கால்குலேட்டர் ஆண்டின் தொடக்கத்தில் கட்டுவதாக எடுத்துக்கொண்டது, முதல் விடை தந்த கால்குலேட்டர் ஆண்டின் முடிவில் கட்டுவதாக எடுத்துக்கொண்டது.

1,21,17,421ஐ 1,15,40,401ஆல் வகுத்தால் 1.05. அந்தக் கால்குலேட்டர் முதல் தவணையிலேயே 5% ஏற்றிவிட்டது. நீங்கள் கொடுத்த 1,00,000ஐ "இப்போது கட்டிக்கொண்டிருக்கும் தொகை" என்று புரிந்துகொண்டு, முதல் ஆண்டுக்கு 1,05,000 என்று தொடங்கியிருக்கிறது. இரண்டு முடிவையும் சேர்த்தே எடுக்கும் கால்குலேட்டரும் உண்டு. அதில் போட்டிருந்தால் ஏறத்தாழ 1,30,87,000 வந்திருக்கும்.

நீங்கள் சொன்னபடி முதல் தவணை 1,00,000தான். அது ஆண்டு முடிவில் போகிறது என்றால் 1,15,40,401, ஆண்டுத் தொடக்கத்தில் போகிறது என்றால் 1,24,63,633. பணம் கணக்கை விட்டு எந்த மாதத்தில் வெளியே போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம்பிறை:
ஆண்டு முடிவில்தான். நன்றி. இனி கால்குலேட்டரை நம்பாமல் நானே போட்டுப் பார்க்க வேண்டும். சூத்திரம் என்ன?

பேரேடு:
```
FV = C * ((1+r)^n - (1+g)^n) / (r - g)
```
C முதல் தவணை, r வட்டி, g ஏற்றம், n ஆண்டுகள். உங்கள் எண்களைப் போட்டால் 1.08^25 = 6.848475, 1.05^25 = 3.386355. கழித்தால் 3.462120. அதை 0.03ஆல் வகுத்தால் 115.404. அதோடு 1,00,000ஐப் பெருக்கினால் உங்கள் முதல் விடை கைக்கு வந்துவிடும்.

25 ஆண்டுக்கு நம்புவதற்கு முன் 3 ஆண்டுக்குக் கையால் போட்டுப் பாருங்கள். தவணைகள் 1,00,000, 1,05,000, 1,10,250. முதல் தவணைக்கு இரண்டு ஆண்டு வட்டி சேர்ந்து 1,16,640. இரண்டாவதற்கு ஓர் ஆண்டு வட்டி சேர்ந்து 1,13,400. மூன்றாவது அன்றுதான் கட்டியது, எனவே 1,10,250 அப்படியே. கூட்டினால் 3,40,290. சூத்திரமும் அதையேதான் கொடுக்கும். எந்தக் கால்குலேட்டர் கிடைத்தாலும் முதலில் இந்த 3 ஆண்டுக் கணக்கைக் கொடுத்துப் பார்த்துவிட்டால் அது எந்தப் பழக்கத்தில் ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தூக்கணாங்குருவி:
ஓய்வு பெற்ற பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக்கு 5% கூட்டி எடுத்தால் பணம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கும் இதே சூத்திரம்தானே? 1.15 கோடி இருந்தால் எவ்வளவு எடுக்கலாம்?

பேரேடு:
இங்கே பேசுவது சேர்க்கும் காலம். நீங்கள் கேட்பது செலவழிக்கும் காலம். இரண்டுக்கும் உறவு உண்டு. ஆனால் அங்கே தெரிய வேண்டியது இன்றைய மதிப்பு, 25ஆம் ஆண்டு மதிப்பு அல்ல. மேலே உள்ள சூத்திரத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் விடை பல மடங்கு தப்பும். தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

கடிவாளம்:
என் 3% கணக்கு முழுத் தவறு இல்லை என்றீர்கள். எங்கே சரி, எங்கே தவறு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

பேரேடு:
இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான், விரிவாகவே எழுதுகிறேன்.

8-ல் 5-ஐக் கழித்தது முதல் சறுக்கல். வளர்ச்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 1.08ஐ 1.05ஆல் வகுத்தால் 1.028571. ஆக நிகர விகிதம் 2.857%, 3% அல்ல. அந்த விகிதத்தில் 1,00,000 வீதம் 25 ஆண்டு கட்டினால் 35,78,308 வரும். உங்கள் 36,45,926 இதற்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான்.

இரண்டாவது சறுக்கல், இந்த 35.78 லட்சத்தைக் கையில் வரும் பணம் என்று எடுத்துக்கொண்டது. அதன் அளவுகோல் வேறு. 25ஆம் ஆண்டில் கட்டும் தவணை 1,00,000 × 1.05^24, அதாவது 3,22,510. சேர்ந்திருக்கும் 1,15,40,401ஐ அந்தக் கடைசித் தவணையால் வகுத்துப் பாருங்கள். 35.783 வரும். அதே எண்!

ஆக, உங்கள் வழி சொல்வது "கடைசித் தவணையைப் போல எத்தனை மடங்கு சேர்ந்திருக்கிறது" என்பதை. சம்பளத்தில் 10% கட்டுகிறோம், சம்பளமும் ஆண்டுக்கு 5%தான் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓய்வு பெறும்போது கையில் இருப்பது கடைசி ஆண்டுச் சம்பளத்தைப் போல 3.58 மடங்கு. என்னைக் கேட்டால் 1.15 கோடி என்ற எண்ணைவிட இந்த 3.58 அதிகம் பேசும். கோடி என்று கேட்டதும் பெரிதாகத் தோன்றுகிறது. மூன்றரை ஆண்டுச் சம்பளம் என்றதும் தாங்குமா தாங்காதா என்று கவலை வருகிறது, வரவும் வேண்டும்.

எக்ஸெலில் போடுவதற்கும் இந்த வழி வசதியானது:
```
=FV((1+r)/(1+g)-1, n, -C*(1+g)^(n-1))
```
வட்டியும் ஏற்றமும் ஒன்றாக இருந்தால், இரண்டுமே 8% என்றால், முதல் சூத்திரம் சுழியால் வகுக்கப் போய் #DIV/0! என்று நின்றுவிடும். இதில் விகிதம் 0 ஆகி, விடை 1,58,52,952 என்று ஒழுங்காக வரும். ஏற்றம் வட்டியைவிட அதிகமாக இருந்தாலும் இரண்டு வழியிலும் சிக்கல் இல்லை.

ஒரே ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுபவர்கள் FV-யின் கடைசி இடத்தில் 1 போடுவது வழக்கம். இங்கே அதைப் போடக் கூடாது. போட்டால் எக்ஸெல் 1.08ஆல் பெருக்காமல் 1.02857ஆல் பெருக்கிவிடும். 124.6 லட்சம் வர வேண்டிய இடத்தில் 118.7 லட்சம் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டு, வந்த விடையைத் தனியாக (1+r)ஆல் பெருக்குங்கள்.

கடிவாளம்:
கடைசித் தவணையின் மடங்கு என்பது இப்போது புரிகிறது. இத்தனை நாளும் அந்த எண்ணை "இன்றைய மதிப்பில் கிடைக்கும் பணம்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேரேடு:
விலைவாசியும் சரியாக 5% ஏறினால் கிட்டத்தட்ட அப்படித்தான். அப்போதும் ஓர் ஆண்டு இடறும். முதல் தவணை போவது இன்று அல்ல, ஓர் ஆண்டு கழித்து. இன்றைய மதிப்பு வேண்டுமென்றால் 1.05^25ஆல் வகுக்க வேண்டும், 34.08 லட்சம் வரும். விலைவாசி 5% இல்லாமல் வேறாக இருந்தால் அந்த ஒற்றுமையும் போய்விடும். ஏற்றம் வேறு, விலைவாசி வேறு. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

மழைச்சாரல்:
நான் மாசாமாசம் 10,000 கட்டுறேன், வருஷத்துக்கு ஒரு தடவை 5% ஏத்துவேன். 12ஆல பெருக்கி 1,20,000ன்னு C-ல போட்டா 1,38,48,481 வருது. இன்னொரு வழியில 5%ஐயும் 8%ஐயும் 12ஆல வகுத்து, 300 மாசம்னு போட்டேன், அது வேற விடை. எது சரி?

பேரேடு:
இரண்டுமே சரியில்லை, ஆனால் முதலாவது பக்கத்தில் இருக்கிறது.

5%ஐ 12ஆல் வகுத்தால், இரண்டாம் மாதமே தொகையை ஏற்றிவிட்டதாகக் கணக்கு ஆகும். நீங்கள் அப்படிக் கட்டவில்லை. பன்னிரண்டு மாதம் ஒரே 10,000, பதின்மூன்றாம் மாதம்தான் 10,500. படிக்கட்டு மாதிரி ஏறுவதைச் சாய்தளமாகப் போட்டால் விடை ஊதிக்கொள்ளும்.

இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் ஓர் ஆண்டின் பன்னிரண்டு தவணைகளை அந்த ஆண்டு முடிவில் ஒரே தொகையாக்குங்கள். ஆண்டுக்கு 8% என்றால் மாத விகிதம் 1.08^(1/12) − 1, அதாவது 0.6434%. ஜனவரியில் கட்டியதற்குப் பதினொரு மாத வட்டி, டிசம்பரில் கட்டியதற்கு ஒன்றும் இல்லை என்று சேர்த்தால், 10,000 × 0.08 / 0.006434 = 1,24,339. இதுதான் உங்கள் C. இதை 115.404ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,43,49,200. 12ஆல் பெருக்கிப் போட்டதில் ஆண்டுக்குள் கிடைக்கும் வட்டி விட்டுப்போனதால் 5 லட்சம் குறைந்தது.

மழைச்சாரல்:
மாச வட்டிக்கு 8ஐ 12ஆல வகுக்கக் கூடாதா? எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?

பேரேடு:
8% என்று சொன்னவர் எதைச் சொன்னார் என்பதைப் பொறுத்தது. மாதாமாதம் 0.667% வட்டி உண்மையிலேயே சேரும் கணக்கு என்றால் வகுப்பது சரி. அப்போது ஆண்டுக்கு 8.30% ஆகும், 25 ஆண்டில் ஏறத்தாழ 1,49,17,000 வரும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சொன்ன 8% என்றால் வகுக்கக் கூடாது. சந்தையோடு ஏறி இறங்கும் திட்டங்களில் சொல்லப்படும் ஆண்டு வருமானம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். இந்த ஒரு பிரிப்பில் மட்டும் 5.7 லட்சம் வித்தியாசம். திட்டத்தின் பத்திரத்தில் வட்டி எப்போது சேர்க்கப்படுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நெடுஞ்சாலை:
சூத்திரத்தில் எனக்குக் குறை இல்லை, 25 ஆண்டும் சீராக 5% என்பதில்தான் குறை. வேலையின் முதல் பாதியில் சம்பளம் வேகமாக ஏறும், பிறகு தேங்கும். கட்டும் தொகையும் அப்படித்தான் போகும். முதல் 15 தவணை வரை 7% வீதம் ஏற்றி, அடுத்த 10 ஆண்டு 2% வீதம் ஏற்றினால் கடைசித் தவணை 3,14,300 அளவில் நிற்கும். சீரான 5%-ல் வரும் 3,22,510ஐவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சேரும் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

பேரேடு:
போட்டேன். இரண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் 15 ஆண்டில் 41.31 லட்சம் சேர்கிறது. அதற்கு மேலும் 10 ஆண்டு வட்டி சேர்த்தால், 1.08^10ஆல் பெருக்கினால், 89.19 லட்சம். இரண்டாம் துண்டு 16ஆம் ஆண்டின் 2,63,010-ல் தொடங்குகிறது, 2% ஏற்றத்தில் 10 ஆண்டுக்கு 41.20 லட்சம். மொத்தம் 130.4 லட்சம். சீரான 5%ஐவிட 15 லட்சம் அதிகம். நீங்கள் சொல்வது சரி, எவ்வளவு ஏறியது என்பதைப் போலவே எப்போது ஏறியது என்பதும் கணக்கில் வருகிறது.

துண்டு போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டாம் துண்டின் C-யை 15ஆம் ஆண்டுத் தவணை என்று போட்டுவிடாதீர்கள். அந்தத் தவணை முதல் துண்டில் வந்துவிட்டது. அதை 1.02ஆல் பெருக்கியதுதான் 16ஆம் ஆண்டுக்கு.

மூன்றாம்பிறை:
ஏற்றம் சீராக இராது என்றால், வட்டியும் சீராக இராதே? 8% என்பதே ஒரு சராசரிதான்.

பேரேடு:
ஆம், அங்கேதான் சூத்திரம் கைவிடுகிறது. ஒரே ஓர் ஆண்டு 8% கிடைக்காமல் 20% இழப்பு வருகிறது, மற்ற 24 ஆண்டும் 8% என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்ட ஆண்டு இரண்டாம் ஆண்டாக இருந்தால், அப்போது கணக்கில் இருப்பது 1,00,000 மட்டும். கடைசியில் 1.64 லட்சம் குறையும். அதே இழப்பு 25ஆம் ஆண்டில் வந்தால், அப்போது கணக்கில் 103.87 லட்சம் இருக்கிறது. 29.08 லட்சம் குறைந்து 86.32 லட்சத்தில் நிற்கும்.

ஒரே தொகையை முதல் நாளே போட்டு அப்படியே விட்டிருந்தால் கெட்ட ஆண்டு எப்போது வந்தாலும் முடிவு ஒன்றுதான். ஆண்டாண்டாகக் கட்டுபவர்களுக்கு அப்படி இல்லை, அதிலும் ஏற்றிக் கட்டுபவர்களுக்குப் பணத்தின் பெரும்பகுதி பிந்தித்தான் உள்ளே வருகிறது. ஏற்றாமல் கட்டும் கணக்கில் முதல் 10 தவணைகள் மட்டுமே கடைசித் தொகையில் 63% தருகின்றன. 5% ஏற்றிக் கட்டும்போது அது 49% ஆகக் குறைந்துவிடுகிறது.

இதைப் பார்க்க ஆண்டு ஆண்டாக ஓட்டும் கணக்குத்தான் வழி, பைத்தானில் இப்படி:
```
C, g, n = 100000, 0.05, 25
rates = [0.08]*n
total = 0
for k in range(n):
    total = total*(1+rates[k]) + C*(1+g)**k
print(round(total))
```
இப்படியே ஓட்டினால் 11540401 வர வேண்டும். அது வந்த பிறகு மட்டும் rates[24]-ல் -0.20 போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் 25ஆம் ஆண்டு என்பது 24.

நெடுஞ்சாலை:
அப்படியானால் கடைசி 5 ஆண்டு ஏற்ற இறக்கம் குறைந்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டியதுதான். 6% கிடைத்தாலும் போதும்.

பேரேடு:
கடைசி 5 ஆண்டும் 6% என்று ஓட்டினால் 105.99 லட்சம் வருகிறது. 9.41 லட்சம் உறுதியாகப் போகிறது, 29 லட்சம் போகக்கூடும் என்ற பயம் நீங்குகிறது. 5 ஆண்டு முன்னரே மாற்றுவது சீக்கிரம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி 2 ஆண்டு போதும் என்பேன்.

நெடுஞ்சாலை:
ஒத்துக்கொள்ள மாட்டேன். 23ஆம் ஆண்டில் அடி விழுந்தால், அதற்குப் பிறகு கட்டும் இரண்டே தவணையால் எதை ஈடுகட்டுவீர்கள்?

கடிவாளம்:
rates[22]-ல் -0.20 போட்டு, கடைசி இரண்டுக்கு 0.06 போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். விடையோடு வருகிறேன்.